பில் கெடுவை நீட்டிக்கக் கேட்கும் மின்னஞ்சலை மெய்ப்புப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தனியாகத் தொழில் செய்பவர்கள் வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதங்களைப் பல வருடங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். என்னோடு உட்கார்ந்து வேலை பழகியவர்கள் அதிகம் தடுமாறியது "பணம் கட்ட இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள்" என்று கேட்கும் கடிதத்தில்தான். சின்னக் கடிதம் என்பதால் நேராக ஒற்றெழுத்துகளைச் சரிபார்க்கப் போய்விடுகிறார்கள். தொகை தப்பாக இருப்பது கண்ணில் படுவதில்லை.

ஓர் உண்மையான கடிதத்தை வைத்தே சொல்கிறேன். எழுதியவர் மதுரையில் இருக்கும் ஒரு வடிவமைப்பாளர். சிவகாசியில் உள்ள ஓர் அச்சகம் அவருடைய நிரந்தர வாடிக்கையாளர். பெட்டி, லேபிள் எல்லாம் அவர்தான் வடிவமைத்துக் கொடுக்கிறார். அதே அச்சகத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காக விளம்பரப் பிரசுரம் அடித்து வாங்கினார். அந்த வேலைக்கு அச்சகம் இவருக்குப் பில் போட்டது. கடையிலிருந்து பணம் வரவில்லை, கெடு நெருங்கிவிட்டது. 2025 செப்டம்பர் 29 அன்று இந்த வரைவை எனக்கு அனுப்பினார்:

> பொருள்: ஒரு சிறு வேண்டுகோள்
>
> அன்புள்ள அண்ணாச்சி, வணக்கம்.
>
> தாங்கள் நலமா? நீங்கள் அனுப்பியப் பிரசுரம் ரொம்ப நன்றாக வந்திருந்தது. ஆனால் கடையில் இருந்து எனக்கு இன்னும் பனம் வரவில்லை. கேட்டால் இன்று நாளை என்கிறார்கள். வீட்டிலும் செலவுக்கு மேல் செலவு. அதனால் 241ஆம் பில்லை மாத கடைசி வரை தள்ளுபடி செய்து, பில் தேதியை மாற்றித் தரும்படி கூறுகிறேன். தீபாவளி முடிந்ததும் ரூ. 42,700ஐ உறுதியாக கட்டிவிடுவேன். இல்லையென்றால் எனக்கு வர வேண்டிய ரூ. 12,500ஐ கழித்துக்கொண்டு மீதிக்கு தவனை தாருங்கள்.
>
> சிரமத்திற்கு மன்னிக்கவும்.

## 1. தொடங்கும் முன் பில்லை வாங்கிக்கொள்ளுங்கள்

பில்லின் நகல் இல்லாமல் இந்தக் கடிதத்தைத் தொடாதீர்கள். அது கையில் இல்லை என்றால் கடிதத்தில் இருக்கும் எண் சரியா தப்பா என்று சொல்ல உங்களுக்கு வழியே இல்லை. வாட்ஸ்அப்பில் எடுத்த படம் போதும், ஆனால் கடைசி வரி வரை தெரிய வேண்டும். கெடு பெரும்பாலும் பில்லின் அடியில் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

அப்புறம் விடுமுறை போட்ட ஒரு காலண்டர் வேண்டும். எழுதியவர் போனில் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மொத்த வேலையும் அரை மணி நேரத்தில் முடியும்.

ஒரு வரம்பையும் முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். எழுத்து, ஒற்று, சொல் ஆகியவற்றை நீங்கள் திருத்தலாம். தொகை, தேதி, வாக்குறுதி ஆகியவற்றில் உங்களுக்குத் தோன்றுவதைக் கேள்வியாக மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். பணம் கட்டப்போவது எழுதியவர்தான். அவர் கொடுக்காத வாக்கை மெய்ப்புப் பார்த்தவர் கொடுத்துவிடக் கூடாது.

## 2. பேனாவைத் தொடாமல் ஒருமுறை படியுங்கள்

இந்த முதல் வாசிப்பில் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: யார் யாருக்கு, எதற்காகப் பணம் தர வேண்டும்?

இரண்டு பக்கமும் பில் போடும் உறவுகளில் இது எளிதில் குழம்பிவிடும். நம் வரைவைப் பாருங்கள். அச்சகத்துக்கு இவர் கட்ட வேண்டியது, இவருக்கு அச்சகம் தர வேண்டியது, கடை இவருக்குத் தர வேண்டியது என்று மூன்று கடன்கள் ஒரே பத்தியில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அண்ணாச்சிக்கு விஷயம் தெரியும், புரிந்துகொள்வார். ஆனால் இந்தக் கடிதத்தை அவர் கணக்கு பார்ப்பவருக்குத்தான் அனுப்பி வைப்பார். அவருக்கு இந்தக் கதை தெரியாது.

படித்து முடித்ததும் கடிதம் கேட்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால், எழுத்துப்பிழைகளுக்குப் போகும் முன் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

## 3. பில்லிலிருந்து கடிதத்துக்கு வாருங்கள்

எண்களைச் சரிபார்க்கும்போது பழகுபவர்கள் பெரும்பாலும் கடிதத்தைப் படித்துவிட்டுப் பில்லைப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் மனம் முதலில் பார்த்த எண்ணையே இரண்டாவது இடத்திலும் பார்த்துவிடும். பில்லிலிருந்து தொடங்குங்கள். அதில் உள்ள எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி, கடிதத்தில் அதன் மேல் விரலை வையுங்கள். "நாற்பத்தேழாயிரத்து" என்று சேர்த்துச் சொல்லாதீர்கள். நான்கு, ஏழு, இரண்டு, சைபர், சைபர்.

நம் கடிதத்தில் இப்படித்தான் இரண்டு பிழைகள் அகப்பட்டன. பில் எண் 214, கடிதத்தில் 241. தொகை ரூ. 47,200, கடிதத்தில் 42,700. இரண்டுமே இலக்கம் இடம் மாறிய பிழைகள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் வேகமாகப் படிக்கும் கண் தாண்டிப் போய்விடும்.

இதன் விளைவு சின்னதல்ல. 42,700 என்று எழுத்தில் போய்விட்டால், 4,500 ரூபாயை இவர் மறுக்கிறாரோ என்று கணக்கர் நினைப்பார். நாள் நீட்டிக்கக் கேட்ட கடிதம் தொகையைப் பற்றிய வழக்காக மாறிவிடும்.

பில் தேதி, கெடு தேதி, பில் போட்ட நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றையும் இதே முறையில் பாருங்கள். பழைய கடிதத்தை நகலெடுத்துத் திருத்துபவர்களிடம் போன தடவை பில் எண் அப்படியே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

## 4. நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இங்கேதான்.

வரைவில் கேட்டிருக்கும் கெடு என்ன? ஓரிடத்தில் "மாத கடைசி வரை". இன்னோரிடத்தில் "தீபாவளி முடிந்ததும்". 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. மாதக் கடைசி 31. ஒரே கடிதத்தில் பதினோரு நாள் வித்தியாசத்தில் இரண்டு கெடுக்கள். போதாததற்கு, கடிதம் செப்டம்பர் 29 அன்று எழுதப்பட்டது. "மாதக் கடைசி" என்றால் நாளையா, அடுத்த மாதமா? "அடுத்த வெள்ளி", "பத்து நாளில்", "சீக்கிரம்" போன்றவை எல்லாம் இதே இனம்தான். படிக்கும் நாளைப் பொறுத்துப் பொருள் மாறும் சொல் எதுவானாலும் வட்டம் போடுங்கள்.

தேதியோடு கிழமையையும் எழுதச் சொல்லுங்கள். தேதியில் பிழை வந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். 08.10 என்பதை அமெரிக்காவில் இருப்பவர் ஆகஸ்ட் 10 என்று படிப்பார்.

அடுத்து, கேட்கும் கெடு எவ்வளவு தூரம் போகிறது என்று எண்ணுங்கள். பில் போட்டவர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும். அதன் 15ஆம் பிரிவின்படி, இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டிக் கெடு வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி கணக்காகும். பில் தலைப்பில் உத்யம் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிவகாசி அச்சகத்தின் பில்லில் இருந்தது.

பிரசுரம் வந்து சேர்ந்தது செப்டம்பர் 8, பில்லும் அன்றைய தேதிக்கே. கெடு 30 நாள், அதாவது அக்டோபர் 8. செப்டம்பரில் மீதி 22 நாள், அக்டோபரில் 23 நாள். ஆக, 45ஆவது நாள் அக்டோபர் 23. அக்டோபர் 31 என்றால் 53 நாள் ஆகிவிடுகிறது. அண்ணாச்சி சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் சட்டத்தில் நிற்காது.

இதை நான் திருத்தவில்லை. ஓரத்தில் மூன்று கேள்விகள் எழுதினேன். கடை எந்தத் தேதியில் பணம் தரும்? கெடு 23ஐத் தாண்ட வேண்டிய கட்டாயம் உண்டா? அக்டோபர் 8 அன்று கொஞ்சமாவது கட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்குக் காரணம் தீபாவளி. அச்சகத்தில் ஆட்களுக்குப் போனஸ் போடும் நேரம் அது. அந்தச் சமயத்தில் "தீபாவளி முடிந்ததும் தருகிறேன்" என்ற வரி அண்ணாச்சியின் மனதில் எப்படி விழும் என்று எழுதியவர் யோசிக்கவில்லை.

அவர் கடைக்காரரிடம் பேசினார். அக்டோபர் 14 அன்று வங்கியில் போடுவதாகச் சொன்னார்களாம். கையில் 20,000 ரூபாய் இருந்தது. கடை இரண்டொரு நாள் தாமதித்தாலும் சமாளிக்க இடம் விட்டு, 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்று அவரே முடிவு செய்தார். 39ஆவது நாள். தீபாவளிக்கு முந்தைய வெள்ளியும்கூட. முதலில் கேட்க நினைத்ததைவிடப் பாதி அளவுகூட இல்லாத நீட்டிப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

## 5. பொருளைப் புரட்டும் சொற்கள்

இந்த வகைக் கடிதத்தில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள் உண்டு. எழுத்துப்பிழை இருக்காது, இலக்கணமும் சரியாக இருக்கும். ஆனால் எழுதியவர் நினைத்ததற்கு வேறான பொருளைத் தரும். எழுத்துச் சரிபார்க்கும் செயலி எதுவும் இவற்றைப் பிடிக்காது.

தள்ளுபடி. நாளைத் தள்ளிப் போடுவது என்று நினைத்துக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். கணக்கில் தள்ளுபடி என்றால் விலைக்குறைப்பு, அல்லது கடனையே விட்டுவிடுவது. "பில்லைத் தள்ளுபடி செய்து" என்று படிக்கும் கணக்கருக்குத் தூக்கிவாரிப்போடும். "கெடுவை நீட்டித்து" என்று மாற்றுங்கள்.

பில் தேதி. இவர் கேட்க நினைத்தது கெடு தேதியை மாற்ற. எழுதியதோ பில் தேதியை மாற்ற. பில் தேதி என்பது ஜிஎஸ்டி கணக்கில் ஏறும் தேதி. அதை மாற்றச் சொல்வது, அச்சகம் தன் கணக்கைத் திருத்த வேண்டும் என்று கேட்பதாகிவிடும். கெடு தேதி அப்படியல்ல. ஜிஎஸ்டி விதி பில்லில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லும் விவரங்களில் அது இல்லை. புதிய பில்லே தேவையில்லாமல் நீட்டிக்கலாம். அதனால் "பில்லில் மாற்றம் எதுவும் வேண்டாம்" என்று ஒரு வரி சேர்க்கும்படி நான் எப்போதும் சொல்வேன். பில்லைத் தொட வேண்டியதில்லை என்று தெரிந்தால் கணக்கர் தயங்க மாட்டார்.

தவணை. சிலர் இதை அவகாசம் என்ற பொருளில் எழுதுகிறார்கள். படிப்பவர் மாதத் தவணை என்று புரிந்துகொள்வார். நாள்தான் வேண்டும் என்றால் "அவகாசம்" என்று எழுதச் சொல்லுங்கள். பிரித்துக் கட்டப் போகிறார் என்றால் எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதினாலே போதும். தவணை என்ற சொல்லே தேவைப்படாது.

கூறுகிறேன், கோருகிறேன். ஓர் எழுத்துதான். ஒன்று தகவல் சொல்வது, மற்றது வேண்டிக் கேட்பது. "நீட்டித்துத் தரும்படி கூறுகிறேன்" என்றால் கட்டளை போடுவதுபோல் ஆகிவிடும். இரண்டிலும் குழப்பம் வருகிறது என்றால் "கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிவிடலாம். இயல்பாகவும் இருக்கும்.

வரை, -க்குள், அன்று. "17ஆம் தேதிக்குள்" என்றால் 17 சேர்த்தியா, 16உடன் முடிந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. பணம் அனுப்பும் நாளைச் சொல்லும் வரியில் "17ஆம் தேதி வெள்ளிக்கிழமை அன்று" என்று எழுதினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

## 6. காரணம் ஒன்று போதும். மற்றக் கணக்கு வேண்டாம்

கடையிலிருந்து 14ஆம் தேதிதான் பணம் வருகிறது. இதுதான் காரணம். வீட்டுச் செலவு பற்றிய வரியை நீக்கலாமா என்று கேட்டேன். அந்த வரி இருந்தால், கடை பணம் கொடுத்த பிறகும் அது வீட்டுச் செலவுக்குப் போய்விடுமோ என்ற சந்தேகம் வரும். "இன்று நாளை என்கிறார்கள்" என்பதும் அதே சந்தேகத்தை வளர்க்கும். தேதி கிடைத்துவிட்டதால் அதற்குத் தேவையும் இல்லை.

12,500 ரூபாய் விஷயம் வேறு. இவர் அச்சகத்துக்குப் போட்ட பில் அது, கெடு இன்னும் வரவில்லை. அதைக் கழித்துக்கொள்ளச் சொன்னால் இரண்டு பக்கமும் இரண்டு பில்களைச் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். நீட்டிப்புக்கு "சரி" என்று சொல்லவேண்டிய பதில் அந்தக் கணக்கில் சிக்கிக்கொள்ளும். கழித்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் அதற்குத் தனிக் கடிதம் எழுதட்டும். இவரும் ஒத்துக்கொண்டார்.

## 7. மரியாதைச் சொற்கள்

அண்ணாச்சியை "மதிப்பிற்குரிய ஐயா" என்று மாற்றிவிட வேண்டாமா என்று என்னிடம் பழகிய ஒருவர் கேட்டார். வேண்டாம். விருதுநகர், சிவகாசிப் பக்கம் தொழில் உறவில் அதுதான் இயல்பான விளி. தினமும் அண்ணாச்சி என்று கூப்பிடுபவர் பணம் பற்றிய கடிதத்தில் மட்டும் ஐயா என்றால் ஏதோ விரிசல் விழுந்ததுபோல் தோன்றும்.

திருத்த வேண்டியது "தாங்கள்", "நீங்கள்" என்று மாறி மாறி வருவதைத்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரை போங்கள். அண்ணாச்சிக்கு "நீங்கள்" பொருந்தும்.

"சிரமத்திற்கு மன்னிக்கவும்" ஒருமுறை வரலாம். மூன்று முறை வந்தால் இரண்டை எடுத்துவிடுங்கள்.

## 8. எழுத்தும் ஒற்றும் கடைசியில்

இப்போதுதான் எழுத்துப்பிழைக்கு வருகிறோம். முதலிலேயே பார்த்திருந்தால், நீக்கிய வரிகளிலும் உழைத்திருப்போம். புதிதாகச் சேர்த்த வரிகளைப் பார்க்காமல் விட்டிருப்போம்.

ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்பவர்களிடம் ன, ண குழப்பம் சகஜம். "பனம்" என்றால் பனை சார்ந்தது, வேண்டியது "பணம்". "தவனை" என்பதும் அதே பிழைதான்.

ஒற்று விடுபட்ட இடங்கள்: மாதக் கடைசி, உறுதியாகக் கட்டிவிடுவேன், 12,500ஐக் கழித்து, மீதிக்குத் தவணை. எண்ணுக்குப் பின் ஐ வரும்போது ஒற்றை மறந்துவிடுவது மிக அதிகம். எண்ணையும் சொல்லாகவே வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

ஒற்று மிகுந்துவிட்ட இடம் ஒன்று: "அனுப்பியப் பிரசுரம்". அனுப்பிய என்பது பெயரெச்சம். அதன்பின் ஒற்று மிகாது. சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் ஒற்றுப் போட்டு வைப்பது பழகுபவர்களின் வழக்கமாக இருக்கிறது. விடுபட்டதைத் தேடுவது போலவே கூடுதலாகப் போட்டதையும் தேடுங்கள்.

## 9. பொருள் வரியும் அனுப்பும் நாளும்

"ஒரு சிறு வேண்டுகோள்" என்ற பொருள் வரியை வைத்து இரண்டு மாதம் கழித்து யாராலும் இந்தக் கடிதத்தைத் தேடி எடுக்க முடியாது. பில் எண்ணும் புதிய கெடுவும் பொருள் வரியிலேயே இருக்கட்டும்.

முடிவில் இப்படி வந்தது:

> பொருள்: பில் எண் 214: கெடுவை 17.10.2025 வரை நீட்டிக்க வேண்டுகோள்
>
> அன்புள்ள அண்ணாச்சி, வணக்கம்.
>
> 08.09.2025 தேதியிட்ட உங்கள் பில் எண் 214க்கான ரூ. 47,200ஐ நான் 08.10.2025க்குள் கட்ட வேண்டும். பிரசுரம் வாங்கிய கடையிலிருந்து எனக்கு 14.10.2025 அன்றுதான் பணம் வருகிறது. அதனால் முழுத் தொகையையும் 8ஆம் தேதிக்குள் கட்ட இயலவில்லை.
>
> ரூ. 20,000ஐ 08.10.2025 புதன்கிழமை அன்று வங்கியில் போட்டுவிடுகிறேன். மீதி ரூ. 27,200ஐ 17.10.2025 வெள்ளிக்கிழமை அன்று கட்டிவிடுகிறேன். அதுவரை அவகாசம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பில்லில் மாற்றம் எதுவும் வேண்டாம்.
>
> உங்களுக்குச் சம்மதம் என்றால், இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக ஒரு வரி எழுதிவிடுங்கள். சிரமத்திற்கு மன்னிக்கவும்.

திருத்தம் முடிந்ததும் மூன்றாவது படியை இன்னொரு முறை செய்யுங்கள், எண்களுக்கு மட்டும். இப்போது புதிய எண்கள் வந்திருக்கின்றன. 20,000உம் 27,200உம் கூட்டினால் 47,200 வருகிறதா என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பதிலை எழுத்தில் கேட்பதற்குக் காரணம் உண்டு. 15ஆம் பிரிவு ஏற்றுக்கொள்வது எழுத்தில் ஒத்துக்கொண்ட தேதியைத்தான். போனில் "பார்த்துக்கலாம்ப்பா" என்று சொன்னது அன்பாக இருக்கலாம். கணக்கர் மாறிவிட்டால் அதற்குச் சாட்சி கிடையாது.

அனுப்பும் நாளையும் காலண்டரில் பாருங்கள். அந்த வருடம் அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும். அச்சகத்தில் இயந்திரங்களுக்குப் பூஜை போட்டு மூடியிருக்கும் இரண்டு நாள்கள். அதனால் செப்டம்பர் 30 காலையிலேயே அனுப்பச் சொன்னேன்.

பதில் வந்ததும் அதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வெறும் "சரி" என்று மட்டும் இருந்தால் அது கடிதத்தின் அடியிலேயே பதிலாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். தனி மின்னஞ்சலாக வந்திருந்தால், "பில் எண் 214க்கு 17.10.2025 என்று எடுத்துக்கொள்கிறேன், நன்றி" என்று எழுதியவர் உடனே ஒரு வரி பதில் போட வேண்டும். இவருக்கு அக்டோபர் 3 அன்று கணக்கரிடமிருந்து பதில் வந்தது. அதில் தேதி 16 என்றிருந்தது. அன்றே எழுதிக் கேட்டு, 17 என்று திருத்தி வாங்கிக்கொண்டார்.